தணிக்கையில் மெட்டீரியாலிட்டி வரம்பும் தணிக்கையாளரின் கருத்தும்

கேள்வி: ஆடிட்டர்கள் மெட்டீரியாலிட்டி என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே இருக்கும் தவறுகளை விட்டுவிடுவார்கள் என்கிறார்களே, அந்த வரம்பை எப்படி முடிவு செய்கிறார்கள்? அறிக்கை குவாலிஃபைட் என்றோ அன்குவாலிஃபைட் என்றோ வந்தால், படிக்கிறவருக்கு அதிலிருந்து என்ன தெரியும்?

பதில்:

வரம்புக்குக் கீழே இருப்பதை விட்டுவிடுவது என்பது நடைமுறையில் பாதிதான் உண்மை. கண்ணில் பட்ட பிழை மிக அற்பமானதாக இல்லாவிட்டால், அது வரம்பைவிடச் சிறியதாக இருந்தாலும் தணிக்கையாளர் அதைக் குறித்துவைத்து, நிர்வாகத்திடம் சொல்லி, திருத்தும்படி கேட்க வேண்டும். வரம்பு பயன்படும் இடங்கள் வேறு. எதை எவ்வளவு ஆழமாகச் சோதிப்பது என்று திட்டமிடும்போது அது முதலில் பயன்படுகிறது. எல்லாச் சோதனைகளும் முடிந்தபின், திருத்தப்படாமல் எஞ்சிய பிழைகளோடு இந்தக் கணக்கறிக்கையை ஏற்கலாமா என்று முடிவெடுக்கும்போது மீண்டும் பயன்படுகிறது. முதல் வேலையைச் சர்வதேசத் தணிக்கைத் தரம் 320ம், இரண்டாவதைத் தரம் 450ம் விவரிக்கின்றன.

இரண்டுக்கும் அடிப்படையான அளவுகோல் ஒன்றே. ஒரு பிழையோ விடுபாடோ, தனியாகவோ மற்றவற்றோடு சேர்ந்தோ, கணக்கறிக்கையை நம்பி முடிவெடுப்பவரின் பொருளாதார முடிவை மாற்றக்கூடும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடிந்தால் அது மெட்டீரியல், அதாவது முக்கியமானது. இங்கே சொல்லப்படும் வாசகர், வணிகமும் கணக்கும் ஓரளவு தெரிந்தவர், அறிக்கையைக் கவனத்தோடு படிப்பவர், கணக்குகள் இத்தகைய ஒரு வரம்புக்குள்தான் தணிக்கை செய்யப்படுகின்றன என்பதை அறிந்தவர் என்று கொள்ளப்படுகிறது. ஆகவே வரம்பு, நிறுவனம் எவ்வளவு பிழையைச் சகித்துக்கொள்ளும் என்பதைப் பொறுத்ததன்று. வெளியிலிருந்து பார்ப்பவர் எதற்கு அசைவார் என்பதைப் பொறுத்தது.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை ஒரு கற்பனை உற்பத்தி நிறுவனத்தை வைத்துப் பார்க்கலாம். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். அதன் ஆண்டு விற்பனை 200 கோடி, வரிக்கு முந்தைய லாபம் 10 கோடி, ஆண்டு முடிவில் கையிருப்புச் சரக்கு 20 கோடி. லாபத்துக்காக இயங்கும் நிறுவனத்தில் முதலீட்டாளர்கள் முதலில் பார்ப்பது லாபத்தைத்தான் என்பதால், வரிக்கு முந்தைய லாபத்தில் 5 விழுக்காடு என்பது வழக்கமான தொடக்கப் புள்ளி. லாப நோக்கில்லாத அமைப்பாக இருந்தால் மொத்த வருவாயிலோ மொத்தச் செலவிலோ 1 விழுக்காட்டை எடுப்பார்கள். இந்த இரண்டு விழுக்காடுகளையும் தரம் 320 எடுத்துக்காட்டாகத்தான் தருகிறது. சூழ்நிலைக்கேற்பக் கூடவோ குறையவோ வைக்கலாம் என்றும் அதுவே சொல்கிறது. நம் நிறுவனத்துக்கு 10 கோடியில் 5 விழுக்காடு, அதாவது 50 லட்சம், ஒட்டுமொத்த வரம்பாகிறது.

ஆனால் தணிக்கையாளர் இந்த 50 லட்சத்தை வைத்துச் சோதனைகளை வடிவமைப்பதில்லை. ஒவ்வொரு கணக்குத் தலைப்பிலும் 50 லட்சத்துக்குக் குறைவான பிழைகளைப் பொருட்படுத்தாமல் போனால், நான்கு தலைப்புகளில் 30 லட்சம் வீதம் தப்பியவை சேர்ந்து 1.2 கோடியாகிவிடும். கண்டுபிடிக்காமல் போகும் பிழைகளுக்கும் இடம் விட வேண்டும். இதற்காகவே பெர்ஃபார்மன்ஸ் மெட்டீரியாலிட்டி எனப்படும் தாழ்ந்த செயல்வரம்பு ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். நடைமுறையில் இது ஒட்டுமொத்த வரம்பில் 50 முதல் 75 விழுக்காடு வரை இருப்பது வழக்கம். முந்தைய ஆண்டுகளில் பிழைகள் மிகுதியாகக் கிடைத்திருந்தாலோ உள்கட்டுப்பாடு பலவீனமாக இருந்தாலோ கீழ்முனைக்கும், பழகிய ஒழுங்கான நிறுவனமாக இருந்தால் மேல்முனைக்கும் போவார்கள். இங்கே 70 விழுக்காடு, அதாவது 35 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இதற்கும் கீழே, கூட்டிப் பார்த்தாலும் பொருட்படுத்தத் தேவையில்லாத அற்பப் பிழைகளுக்கான எல்லையாகப் பெரும்பாலும் ஒட்டுமொத்த வரம்பில் 5 விழுக்காட்டை எடுப்பார்கள், அது 2.5 லட்சம். உண்மையாகவே விட்டுவிடப்படுவது இந்த எல்லைக்குக் கீழே இருப்பவை மட்டுமே.

சில விவரங்களுக்கு இந்தப் பொது எண்கள் பொருந்தாது. இயக்குநர்களின் ஊதியம், நிறுவனத்தை நடத்துவோரின் உறவினருக்கோ அவர்களுடைய வேறு நிறுவனத்துக்கோ போன பணம் போன்றவற்றில் 10 லட்சம் விடுபட்டாலே பங்குதாரர் வேறுவிதமாக நினைப்பார். அவற்றுக்குத் தனியாகத் தாழ்ந்த வரம்பு வைக்கப்படும்.

இப்போது சோதனை முடிந்து பிழைப் பட்டியல் கையில் இருக்கிறது. ஆண்டு முடிந்த சில வாரங்களில் நொடித்துப்போன ஒரு வாடிக்கையாளர் தர வேண்டிய 30 லட்சத்தில் எதுவும் தேறாது என்று தெரிந்தும், வாராக்கடனுக்கு நிறுவனம் 12 லட்சமே ஒதுக்கியிருக்கிறது. 18 லட்சம் குறைவு. அடுத்த ஆண்டு முதல் வாரத்தில் அனுப்பிய சரக்கை ஆண்டின் கடைசி நாள் விற்பனையாகக் காட்டியதில் லாபம் 12 லட்சம் கூடியிருக்கிறது. மறுபக்கம், ஒரு செலவுக்கு 8 லட்சம் அதிகமாக ஒதுக்கியிருப்பதால் லாபம் அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது. கடைசியாகச் சரக்கு. 20 கோடிச் சரக்கில் 4 கோடி மதிப்புள்ள மாதிரியை எடுத்துச் சோதித்ததில் 4 லட்சம் அதிக மதிப்பீடு தெரிந்தது.

அனுபவமில்லாதவர் தவறுவது இந்தச் சரக்கு வரியில்தான். கண்டது 4 லட்சம் என்பதால் பட்டியலில் 4 லட்சம் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் மாதிரி முழுச் சரக்குக்கும் பிரதிநிதி என்று கொண்டுதான் எடுக்கப்பட்டது. அதில் 1 விழுக்காடு பிழை என்றால் 20 கோடியில் 20 லட்சம் பிழை இருக்கக்கூடும் என்பதே மதிப்பீடு. அந்த 4 லட்சத்தைத் திருத்திவிட்டோம், பிரச்சினை தீர்ந்தது என்று நிர்வாகம் சொன்னாலும், சோதிக்கப்படாத 16 கோடியில் 16 லட்சம் இன்னும் நிற்கிறது. ஆகவே பட்டியலின் கூட்டு 18, 12, 20 சேர்ந்து 50 லட்சம். எதிர்த்திசையிலுள்ள 8 லட்சத்தைக் கழித்தால் லாபம் 42 லட்சம் கூடுதலாகக் காட்டப்பட்டிருக்கிறது.

42 லட்சம் 50 லட்சத்தைவிடக் குறைவு என்று சொல்லிப் பேனாவை மூடிவிட முடியாது. செயல்வரம்பான 35 லட்சத்தை அது ஏற்கெனவே தாண்டிவிட்டது. கண்டதே இவ்வளவு என்றால், காணாததும் சேர்ந்து 50 லட்சத்தைத் தாண்டியிருக்க வாய்ப்பு மிகுதி. மேலும், எண்ணின் அளவு ஒரு கேள்வி மட்டுமே. அந்த எண் எதைத் தொடுகிறது என்பது அடுத்த கேள்வி. இந்த நிறுவனத்துக்கு வங்கிக் கடன் இருக்கிறது, ஆண்டு வட்டி 9.8 கோடி. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் வட்டியைப் போல் இருமடங்குக்குக் குறையக் கூடாது என்பது கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனை என்று கொள்வோம். இருக்க வேண்டியது 19.6 கோடி, நிறுவனம் காட்டியது 19.8 கோடி. இடைவெளி வெறும் 20 லட்சம். எனவே 42 லட்சப் பிழையைத் திருத்தினால் நிபந்தனை மீறப்படுகிறது. அதனால் வங்கி கடனை உடனே திரும்பக் கேட்கும் உரிமை பெறுமானால், ஆண்டு முடிவதற்குள் வங்கியிடம் விலக்குப் பெறாத நிலையில், நீண்டகாலக் கடன் முழுவதும் குறுகியகாலக் கடனாகக் காட்டப்பட வேண்டும். விழுக்காட்டின்படி வரம்புக்குள் இருந்த பிழை, இருப்புநிலைக் குறிப்பின் தோற்றத்தையே மாற்றிவிடுகிறது. 1999இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட அலுவலர் அறிவிக்கை இதைத்தான் வலியுறுத்தியது: நட்டத்தை லாபமாக்கும் பிழை, கடன் நிபந்தனையைக் காப்பாற்றும் பிழை, நிர்வாகிகளின் ஊக்கத்தொகையைக் கூட்டும் பிழை ஆகியவை 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தாலும் முக்கியமானவையாகலாம்.

தொடக்கப் புள்ளியைத் தேர்ந்தெடுப்பதிலேயே வழுக்கல் ஏற்பட முடியும் என்பதற்கு அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் வழக்கைவிடத் தெளிவான சான்று குறைவு. 1997ஆம் ஆண்டுக் கணக்கில் அதன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் 5.1 கோடி டாலர் மதிப்புள்ள திருத்தங்களை முன்வைத்தது. என்ரான் ஏற்கவில்லை, ஆண்டர்சனும் அவை முக்கியமானவையல்ல என்று விட்டுவிட்டது. அந்த ஆண்டில் என்ரான் காட்டிய நிகர லாபம் 10.5 கோடி டாலர்தான். பாதிக்குச் சற்றே குறைந்த பிழை எப்படி முக்கியமற்றதாகும் என்று கேட்கப்பட்டபோது, அந்த ஆண்டின் லாபம் ஒருமுறை வந்த செலவுகளால் வழக்கத்துக்கு மாறாகக் குறைந்திருந்தது, இயல்பான லாபத்தோடு ஒப்பிட்டால் திருத்தங்கள் 8 விழுக்காட்டுக்கும் குறைவு என்று ஆண்டர்சனின் தலைமை நிர்வாகி 2001 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் விளக்கினார். லாபம் ஏறி இறங்கும் நிறுவனத்துக்குச் சராசரி லாபத்தையோ விற்பனையையோ தொடக்கப் புள்ளியாக எடுப்பதில் கொள்கையளவில் தவறில்லை. ஆனால் அந்தத் தேர்வு, பிழைகள் கைக்கு வருவதற்கு முன்பே காரணத்தோடு எழுதிவைக்கப்பட வேண்டியது என்பது என் கருத்து. பிழையின் அளவைப் பார்த்தபின் அடிப்படையை உயர்த்துவது வரம்பு வைப்பதாகாது.

இனி கருத்துக்கு வருவோம். நம் நிறுவனம் முழுச் சரக்கையும் தானே மறுபடி மதிப்பிட்டுப் பிழை 17 லட்சம் என்று கண்டு, எல்லாவற்றையும் திருத்தி, கடனையும் குறுகியகாலத்துக்கு மாற்றி, நிபந்தனை மீறலைக் குறிப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது என்று வைத்துக்கொண்டால், தணிக்கையாளர் தருவது அன்குவாலிஃபைட் கருத்துதான். நிறுவனத்தின் நிலை மோசமாகியிருக்கிறது, அறிக்கை மட்டும் சுத்தமாக இருக்கிறது. இதில் முரண்பாடு இல்லை. அன்குவாலிஃபைட் கருத்து, நிறுவனத்தின் நிலையைக் கணக்கறிக்கை உள்ளபடி காட்டுகிறது என்று மட்டுமே சொல்கிறது. அந்த நிலை நல்லது என்று சொல்வதில்லை. கணக்கில் ஒரு பிழையும் இல்லை என்றும் அது சொல்வதில்லை. வரம்புக்கு மேற்பட்ட பிழை இல்லை என்பதற்கு நியாயமான, ஆனால் முழுமையாக அல்லாத உறுதி கிடைத்திருக்கிறது என்பதே அதன் பொருள். கூட்டுச்சதியும் போலி ஆவணங்களும் கொண்ட மோசடி நேர்மையான தணிக்கையையும் தாண்டிப் போகலாம். வரம்பு எவ்வளவு என்பதைப் பெரும்பாலான நாடுகளில் அறிக்கை வெளியிடுவதில்லை. பிரிட்டனில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களின் அறிக்கைகளில் அந்த எண்ணும் அது கணக்கிடப்பட்ட முறையும் அச்சிடப்படுகின்றன. அங்கே அறிக்கை படிப்பவர்கள் அந்தப் பத்தியைத் தவறவிடக் கூடாது.

கருத்து மாறுவதற்குத் தரம் 705 இரண்டு காரணங்களையே ஏற்கிறது. கணக்கில் முக்கியமான பிழை இருக்கிறது, நிர்வாகம் திருத்த மறுக்கிறது என்பது ஒன்று. பிழை இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யப் போதிய சான்று கிடைக்கவில்லை என்பது மற்றொன்று. எந்தக் காரணமாயினும், அதன் விளைவு சில தலைப்புகளுக்குள் அடங்கிவிடுகிறதா, கணக்கறிக்கை முழுவதும் பரவுகிறதா என்பது அடுத்துப் பார்க்கப்படுகிறது. அடங்கினால் குவாலிஃபைட் கருத்து. பரவினால், பிழையானபோது கணக்கறிக்கை உள்ளபடி காட்டவில்லை என்னும் எதிர்மறைக் கருத்தும், சான்றில்லாதபோது கருத்துக் கூற மறுக்கும் டிஸ்கிளைமரும் வருகின்றன.

குவாலிஃபைட் கருத்தைப் படிக்கும்போது அதன் இரண்டு வகைகளையும் ஒன்றாகக் கருதுவது தவறு. நம் நிறுவனம் விற்பனையாகாமல் தேங்கி, மதிப்பே இல்லாமல் போன 90 லட்சச் சரக்கின் மதிப்பைக் குறைக்க மறுக்கிறது என்று வையுங்கள். தணிக்கையாளர், இந்த விஷயத்தின் விளைவு நீங்கலாகக் கணக்கறிக்கை சரியானது என்று எழுதி, சரக்கும் லாபமும் 90 லட்சம் கூடுதலாகக் காட்டப்பட்டுள்ளன என்று கருத்துக்கான அடிப்படைப் பத்தியில் தொகையோடு சொல்வார். வாசகர் தாமே 90 லட்சத்தைக் கழித்துத் திருத்திய லாபத்தோடு முன்னே போகலாம். ஒருவகையில் இது முழுமையான தகவல்.

இன்னொரு நிலையில், தணிக்கையாளர் ஆண்டு முடிந்தபின்தான் நியமிக்கப்பட்டார், ஒரு கிடங்கில் இருந்த 3 கோடிச் சரக்கை எண்ணும்போது அவர் அங்கே இல்லை, வேறு வழியில் உறுதிப்படுத்தவும் முடியவில்லை. இப்போது அவர் எழுதுவது, இந்த விஷயத்தால் ஏற்பட்டிருக்கக்கூடிய விளைவு நீங்கலாக என்பது. ஒற்றைச் சொல் வேறுபாடுதான், ஆனால் வாசகரின் நிலை அடியோடு மாறுகிறது. இங்கே கழிக்க ஒரு தொகை இல்லை. 3 கோடியும் சரியாக இருக்கலாம், ஒரு பகுதி இல்லாமலும் இருக்கலாம். கடன் கொடுப்பவர் செய்யக்கூடியது, அந்தச் சரக்கைப் பிணையாக ஏற்காமல் விடுவதும், சான்று ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பதும்தான். தணிக்கையாளர் தாமதமாக நியமிக்கப்பட்டது ஒரு காரணம். நிர்வாகமே கதவைத் திறக்க மறுத்தது முற்றிலும் வேறொரு காரணம். இரண்டாவதைப் பார்த்தால் நான் அந்த 3 கோடியோடு நிற்க மாட்டேன், மற்ற எண்களையும் ஐயத்தோடுதான் படிப்பேன்.

பரவிய விளைவுக்கு உதாரணம், பெரிய துணை நிறுவனம் ஒன்றை ஒருங்கிணைந்த கணக்கில் சேர்க்காமல் விடுவது. சொத்து, கடன், விற்பனை, லாபம் என்று ஏறக்குறைய எல்லா வரிகளும் மாறும் என்பதால், நீங்கலாக என்று ஒதுக்கிச் சொல்ல எதுவும் மிஞ்சாது. எதிர்மறைக் கருத்துதான் வரும். கணினிப் பதிவுகள் அழிந்து சரக்கு, வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய தொகை இரண்டையும் உறுதிப்படுத்த முடியாத நிலையில் டிஸ்கிளைமர் வரும்.

கருத்தை மாற்றாமலே கவலைக்குரிய செய்தி வருவதும் உண்டு. அன்குவாலிஃபைட் அறிக்கையிலேயே, நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் முக்கியமான நிச்சயமின்மை இருப்பதாகத் தனிப்பகுதி இருக்கலாம். நம் நிறுவனத்தின் வங்கி கடனைத் திரும்பக் கேட்டு, வேறு நிதியும் உறுதியாகாவிட்டால் அப்படியொரு பகுதி வரக்கூடும். முதலீட்டாளருக்கு அது 90 லட்சக் குவாலிஃபிகேஷனைவிடக் கனமான செய்தி. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் அறிக்கையில் வரும் முக்கியத் தணிக்கை விஷயங்கள் என்ற பகுதியோ, ஒரு குறிப்பின்மீது கவனத்தை ஈர்க்கும் பத்தியோ அத்தகையவையல்ல. தணிக்கையாளர் எங்கே அதிகம் உழைத்தார், எந்தக் குறிப்பை வாசகர் தவறவிடக் கூடாது என்பதை அவை காட்டுகின்றனவே தவிர, கருத்தைக் குறைப்பதில்லை.

ஒரு குவாலிஃபிகேஷன் அடுத்த ஆண்டும் தொடர்வதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். எண்ணப்படாத அந்த 3 கோடிச் சரக்கு, அடுத்த ஆண்டின் தொடக்கச் சரக்காகிறது. தொடக்கச் சரக்கு விற்பனைச் செலவுக்குள் போவதால், அதில் பிழை இருந்திருந்தால் அடுத்த ஆண்டின் லாபமும் அதே அளவு பிழையாகும். அந்த ஆண்டின் முடிவில் எல்லாக் கிடங்குகளும் தணிக்கையாளரின் முன்னிலையில் ஒழுங்காக எண்ணப்பட்டிருந்தாலும், அவர் இருப்புநிலைக் குறிப்புக்குக் குறையில்லாக் கருத்தையும் லாப நட்டக் கணக்குக்குக் குவாலிஃபைட் கருத்தையும் ஒரே அறிக்கையில் தர முடியும். அத்தகைய அறிக்கையில் ஆண்டு முடிவுச் சொத்துகளை நம்பலாம், அந்த ஆண்டின் லாபத்தைத் தயக்கத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் ஆண்டில், ஒப்பீட்டுக்காக அச்சிடப்படும் முந்தைய ஆண்டு லாபத்தோடு மட்டுமே அந்தத் தயக்கம் மிஞ்சியிருக்கும்.